ஈஆர்பி-க்கு 820 என்று ஒப்புதல், 1,848-இல் முடிந்த கணக்கு

நடுத்தர அளவு உற்பத்திக் கம்பெனி ஒன்று. ஒரு தொழிற்சாலை, இரண்டு கிடங்கு, கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் 80 பேர். பழைய கணக்கு மென்பொருளையும் அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட எக்ஸல் கோப்புகளையும் தூக்கிவிட்டு, எல்லாத் துறை வேலையையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறினார்கள். ஐந்து வருடம் கழித்து சந்தா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நிர்வாகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இதுவரை மொத்தம் எவ்வளவு ஆச்சு? அந்தக் கணக்கைப் போடும் வேலை என்னிடம் வந்தது. கம்பெனியின் பெயரையும் உண்மையான தொகைகளையும் எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் போட்ட முதல் வருட லைசென்ஸ் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற எல்லா எண்களும் அதை வைத்துத்தான், கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

| செலவு | ஒப்புதலின்போது | ஐந்து வருட முடிவில் |
|---|---|---|
| லைசென்ஸ் | 500 | 632 |
| கன்சல்டன்ட் | 180 | 385 |
| ஹோஸ்டிங் | 125 | 190 |
| வெளிப் பயிற்சி | 15 | 15 |
| பழைய மென்பொருளை ஓட்டியது | 0 | 30 |
| சொந்த ஆட்களின் நேரம் | 0 | 596 |
| மொத்தம் | 820 | 1,848 |

இதைப் பார்த்தவுடன் எல்லோரும் கன்சல்டன்ட் வரிக்குத்தான் போவார்கள், திட்டுவதற்கு வசதியான ஆள் அவர்தானே. ஆனால் கூடுதலாகப் போன 1,028-இல் 596, அதாவது பாதிக்கும் மேல், மொத்தத்துக்கு முந்தைய கடைசி வரியில் இருக்கிறது. ஒப்புதல் தாளில் அந்த வரியே கிடையாது, குறைத்துப் போட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. முதலில் மற்ற வரிகளை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

லைசென்ஸ்

100-ஐ ஐந்தால் பெருக்கி 500 என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வருடத்துக்கு 5 சதவீத உயர்வு என்று ஒரு வரி இருந்தது, அதைப் பெருக்கலில் சேர்க்கவில்லை. இரண்டாம் வருடம் 14 பேர் கூடினார்கள்: கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்கு ஒரே லாகினைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு லைசென்ஸ் என்ற முறையில் அது ஒப்பந்த மீறல் என்று அப்புறம்தான் தெரிந்தது. உயர்வும் ஆட்களும் சேர்ந்து 632.

இந்த 632-க்குள்ளேயே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. சந்தா, கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அன்றாட வேலையைப் புதிய மென்பொருளில் தொடங்குவதை லைவ் போவது என்பார்கள். ஆறாம் மாதம் லைவ் போக வேண்டியது, பதினோராம் மாதம்தான் போனது. முதல் வருடத்தின் 100-இல் 90-க்கு மேல், திட்டக்குழுவைத் தவிர யாருமே உள்ளே போகாத ஒரு மென்பொருளுக்குக் கொடுத்த வாடகை. மென்பொருளைக் கம்பெனிக்கு ஏற்றபடி அமைக்கும் கட்டமைப்பு வேலை நடக்கும்வரை 15 லைசென்ஸ் போதும், மீதி லைவ் ஆகும் மாதத்தில் இருந்து என்று படிப்படியாக வாங்கியிருக்கலாம். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் விற்பவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள், அப்புறம் கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே நடக்காமல் தப்பிய ஒரு செலவையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர்கள் ஆர்டர் போடும் இணையதளம் ஒன்றை ஈஆர்பி-யோடு இணைக்க யோசனை இருந்தது. வேறொரு மென்பொருள் வழியாக ஈஆர்பி-யைத் தொடுபவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டுமா என்பது சின்னக் கேள்வி இல்லை. 2017-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் மதுபான நிறுவனமான டியாஜியோவுக்கு எதிராக ஈஆர்பி விற்கும் எஸ்ஏபி தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு மென்பொருள் மேல் கட்டிய செயலிகள் வழியாக டியாஜியோவின் விற்பனைப் பிரதிநிதிகளும் வாடிக்கையாளர்களும் எஸ்ஏபி-யைப் பயன்படுத்தியதற்கு எஸ்ஏபி 5.4 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. எவ்வளவு என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை, ஆனால் கட்டணம் உண்டு என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடமே எஸ்ஏபி இப்படிப்பட்ட பயன்பாட்டுக்கு ஆளைக் கணக்கிடாமல் ஆவணங்களைக் கணக்கிடும் விலை முறையைக் கொண்டுவந்தது. நாங்கள் ஈஆர்பி விற்பவரிடம் எழுத்தில் கேட்டோம், வந்த பதிலைப் பார்த்துவிட்டு இணையதளத்தை நேரடியாக இணைக்காமல் ஒத்திவைத்தோம்.

கன்சல்டன்ட்

இரண்டு கொட்டேஷன் வந்திருந்தது, ஒன்று 180, இன்னொன்று 250. குறைந்ததை எடுத்தார்கள். இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது வேலையின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் முழுக்க "வாடிக்கையாளர் பொறுப்பு" என்ற தலைப்பில் இருந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. பழைய டேட்டாவை எடுப்பது, சுத்தம் செய்வது, ஏற்றுவதற்கான வடிவத்துக்குக் கொண்டுவருவது, டெஸ்ட் செய்ய வேண்டிய காட்சிகளை எழுதுவது, பயனர் கையேடு, லைவ் போகும் வார இறுதியில் நிலுவைகளைச் சரிபார்ப்பது, இவை எல்லாம் 180 கேட்டவரின் தாளில் வாடிக்கையாளர் பக்கம் இருந்தன. 250 கேட்டவர் இவற்றில் பாதிக்கு மேல் தானே செய்வதாகச் சொல்லியிருந்தார். ஆக, அந்த 70 வித்தியாசத்தில் தள்ளுபடி என்று எதுவும் இல்லை. வேலை கம்பெனி ஆட்களின் மேசைக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நகர்ந்த வேலை முழுதும் அங்கே முடியவும் இல்லை. பொருள் பட்டியலில் ஒரே போல்ட் நான்கு பெயரில், மூன்று அளவு அலகில் இருந்தது, ஒன்றில் எண்ணிக்கை, ஒன்றில் கிலோ, ஒன்றில் பெட்டி. இதைத் தாங்களே சரிசெய்துவிடுவோம் என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள், இரண்டு மாதம் ஆகியும் சோதனை ஏற்றம் இரண்டு முறை தோற்றது. கடைசியில் அதே கன்சல்டன்ட்டிடமே, ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்குத் தனிக் கட்டணம் கொடுக்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. இப்படியும், வங்கிக்கு அனுப்பும் கோப்பின் வடிவம், இன்வாய்ஸ் அச்சு வடிவம் போன்றவற்றுக்கும் சேர்த்து 85. கட்டமைப்பு 265-இல் முடிந்தது, வேண்டாம் என்று விட்ட 250-ஐத் தாண்டி. நியாயமாகச் சொல்வதானால், 250 கேட்டவரை எடுத்திருந்தாலும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் இல்லாமல் போயிருக்காது. அவருடையது எங்கே முடிந்திருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

மீதி 120, லைவ் போன பிறகு வருடத்துக்கு 30 என்று நான்கு வருடம் கொடுத்த ஆதரவு ஒப்பந்தம். ஒப்புதல் தாளில் இதற்கும் இடம் இல்லை, லைவ் போனால் கன்சல்டன்ட் கிளம்பிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

ஹோஸ்டிங்கை, அதாவது சர்வர் வாடகையை, சுருக்கமாக முடித்துவிடலாம். வருடத்துக்கு 25 என்று போட்டது அன்றாட வேலை நடக்கும் சூழலுக்கு மட்டும். டெஸ்ட் சூழல், பயிற்சிச் சூழல், பேக்கப் எல்லாம் சேர்ந்து 38 ஆனது. டெஸ்ட் சர்வர் ஒரு வாரத்தின் 168 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, யாராவது உள்ளே இருப்பது அதிகம் போனால் 50 மணி நேரம். இரவிலும் வார இறுதியிலும் அணைத்தால் சர்வர் ஓடும் செலவு நன்றாக இறங்கும், சேமிப்பக வாடகை இறங்காது. அந்த சேமிப்பகத்தில்தான் அன்றாட வேலைக்கான டேட்டாவின் முழு நகல்கள் மூன்று கிடந்தன. பழைய மென்பொருளுக்குப் போன 30-உம் இதே வகைதான், ஐந்து மாதத் தாமதமும், பழைய ரசீதுகளைப் பார்க்க வேண்டும் என்று தணிக்கைக்காக அதற்குப் பிறகு ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்ததும்.

சொந்த ஆட்களின் நேரம்

யாரும் இதை மறைக்கவில்லை. பட்ஜெட் முறையே அதைக் காட்டாத மாதிரி அமைந்திருக்கிறது. ஈஆர்பி மூலதனச் செலவாக ஒப்புதலுக்குப் போகிறது, சம்பளம் துறைகளின் வழக்கமான செலவில் கிடக்கிறது. கணக்கியல் விதிகளும் இந்தப் பிளவை அதிகமாக்கிவிடுகின்றன: சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 38-இன்படி பயிற்சிச் செலவைச் சொத்தாக ஏற்ற முடியாது, சந்தா மென்பொருளைக் கட்டமைக்கும் செலவும் பெரும்பாலும் அந்த வருடச் செலவுதான் என்று இந்தத் தரங்களுக்கு விளக்கம் சொல்லும் ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2021-இல் தெளிவுபடுத்தியது. கணக்கை எங்கே எழுதுவது என்பதற்கு இந்த விதிகள் சரிதான். ஆனால் சொத்தாக ஏறாதது திட்டச் செலவே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டால், கடைசி வரி பூஜ்யமாகிவிடும். இங்கே அதுதான் நடந்தது.

அளப்பது எப்படி? யாரும் டைம்ஷீட் எழுதவில்லை. ஐந்து வருடம் கழித்து "எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள்" என்று கேட்டால், கசப்பாக இருப்பவர் இரண்டு மடங்கு சொல்வார், திட்டம் பிடித்துப்போனவர் பாதி சொல்வார். அதனால் தடயம் இருக்கிற நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். காலண்டர் அழைப்புகள், டெஸ்ட் சூழலின் லாகின் பதிவுகள், டெஸ்டிங்கில் யார் எந்தக் காட்சியில் கையெழுத்திட்டார்கள் என்ற தாள், பயிற்சி வருகைப் பதிவு, உதவிக் கோரிக்கைகளைக் கையாண்டவர் பெயர். துறைத் தலைவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சரியா என்று மட்டும் கேட்டேன். ஒருவர் ஒரு மாதம் முழுதும் செய்யும் வேலையை ஒரு ஆள்-மாதம் என்று எடுத்து, அதற்கு 2.5 என்று வைத்தேன், சம்பளம் மட்டும் இல்லாமல் கம்பெனி அவருக்காகச் செலவழிக்கும் மற்றவையும் சேர்த்து.

லைவ் வரை ஆனது ஏறக்குறைய 86 ஆள்-மாதம். திட்ட மேலாளர் ஒருவர் முழுநேரமாகப் பதினோரு மாதம், தங்கள் துறையின் சார்பில் திட்டத்தில் உட்கார்ந்த கீ யூசர்கள் ஏழு பேர் சராசரியாகப் பாதி நேரம். இந்த "பாதி நேரம்" என்பதில் ஒரு விஷயம். ஆரம்பத் திட்டத்தில் அவர்களுக்கு 20 சதவீதம் என்று போட்டிருந்தது. வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்று துறைத் தலைவர்கள் ஒத்துக்கொண்டார்கள், லாகின் பதிவோ வாரத்தில் இரண்டரை நாள் காட்டியது, கடைசி மூன்று மாதம் நான்கு நாள். அப்புறம் டேட்டா சுத்தம் 6, டெஸ்டிங்குக்கு 25 பேர் தலா 12 நாள், பயிற்சிக்கு 80 பேர் தலா 4 நாள். எல்லாம் சேர்த்து 216.

லைவ் போன முதல் மூன்று மாதம் எல்லோருமே மெதுவாகத்தான் வேலை செய்தார்கள், எங்கே போனாலும் இது இருக்கும். ஆர்டர் பதிவு செய்யும் எண்ணிக்கையை ஆள் ஒருவருக்கு, நாள் ஒன்றுக்கு என்று பழையதோடு ஒப்பிட்டதில் 15 சதவீதம் குறைந்திருந்தது. அதை 80 பேருக்கும் பொருத்தினால் 36 ஆள்-மாதம், 90. இந்த வரியில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை, ஆர்டர் பதிவு குறைந்த அளவுக்குக் கொள்முதலும் குறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதை ஒதுக்கிவிட்டாலும் முடிவு மாறவில்லை என்பதால் விட்டுவைத்தேன்.

பெரிய தொகை லைவுக்குப் பிறகு வருகிறது. உள்ளுக்குள் ஒரு முழுநேர நிர்வாகி தேவைப்பட்டார், ஐடி-யில் இருந்த ஒருவரையே மாற்றினார்கள், அவர் பழைய இடம் காலியாகவே கிடந்தது. கீ யூசர்களில் ஐந்து பேர் "கொஞ்ச நாளைக்கு" மற்றவர்களுக்கு உதவுவதாக இருந்தது, நான்கு வருடமாக வாரத்துக்கு ஒரு நாள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 24 ஆள்-மாதம், நான்கு வருடத்துக்கு 240. அதாவது, மொத்தக் கட்டமைப்புக்கும் செலவான சொந்த நேரத்தைவிட, அதற்குப் பிறகு சத்தமில்லாமல் ஓடியது அதிகம். இதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு முறை வரும் புதிய பதிப்பு. பதிப்பு இலவசம், ஆனால் தாங்கள் கேட்டு வாங்கிய மாற்றங்கள் உடையவில்லையா என்று ஒவ்வொரு முறையும் பத்துப் பேர் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு 50.

எல்லாவற்றையும் கூட்டினால் 596. கொள்முதல் துறையில் தினமும் காலையில் ரிப்போர்ட்டை எக்ஸலுக்கு இறக்கி, பழைய வடிவத்துக்கு மாற்றி, மறுபடி கையால் சரிசெய்கிறார்களே, அது இதில் இல்லை. ஈஆர்பி இல்லாவிட்டாலும் அவர்கள் எக்ஸலில்தான் இருந்திருப்பார்கள்.

"சம்பளம் எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம்"

கணக்கைக் காட்டியதும் நிதித் தலைவர் இதைத்தான் கேட்டார். "இவங்க எல்லாம் ஏற்கெனவே இங்க வேலை பாக்கிறவங்க சார், ஈஆர்பி வரலைன்னாலும் இதே சம்பளம்தான். நீங்க இல்லாத செலவைக் காட்டுறீங்க."

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. அந்த ஆட்களுக்கு உண்மையிலேயே நேரம் மிச்சம் இருந்து, அதைத்தான் திட்டத்துக்குக் கொடுத்தார்கள் என்றால், அவர் சொல்வது சரி, கூடுதல் செலவு இல்லை. அதனால் மிச்ச நேரமா, பிடுங்கிய நேரமா என்பதற்குத் தடயம் தேடினேன். மாதக் கணக்கு முடிப்பு ஆறு வேலை நாளில் நடந்துகொண்டிருந்தது, லைவுக்குப் பிறகு மூன்று மாதம் 14 நாள் ஆனது. கணக்குத் துறையில் இரண்டு தற்காலிக ஆட்கள் எடுத்திருந்தார்கள், அது ஈஆர்பி கணக்கில் எழுதப்படாமல் அந்தத் துறையின் தலையில் விழுந்திருந்தது. கிடங்கில் ஓவர்டைம் ஏறியிருந்தது. வசூலைப் பின்தொடரும் பெண்மணியே கீ யூசராகவும் இருந்ததால், 60 நாள் தாண்டிய பாக்கி அந்த அரை வருடத்தில் வீங்கியது, அதற்கு வட்டி போனது.

ஓவர்டைம், தற்காலிக ஆட்கள், வட்டி என்று ரசீதோடு காட்டக் கூடியதை மட்டும் கூட்டினால் 110 வந்தது. ஓவர்டைமும் தற்காலிக ஆட்களும் 596-ஐ வேறு கோணத்தில் பார்ப்பதுதான், அதோடு கூட்டக் கூடாது. ஆக இரண்டு எண்களையும் கொடுத்தேன்: பணமாக வெளியே போனது என்று நிரூபிக்க முடிவது 110, வேறு வேலையில் இருந்து எடுத்த நேரத்தின் மதிப்பு 596. மிகக் கறாராக 110-ஐ மட்டும் எடுத்தாலும் மொத்தம் 1,362, ஒப்புதலைவிட மூன்றில் இரண்டு பங்கு அதிகம். நிதித் தலைவர் 1,362-ஐ அறிக்கையில் வைத்தார், உற்பத்தித் தலைவர் 1,848-ஐப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தங்கள் நாற்காலியில் இருந்து பார்த்தால் சரிதான். அடுத்த முறை எதை வாங்குவது என்று ஒப்பிடுவதற்கு 1,848-தான் உதவும் என்பது என் கருத்து, ஏனென்றால் 180-க்கும் 250-க்கும் நடுவில் வேலை யார் மேசைக்குப் போகிறது என்பது அந்தக் கணக்கில் மட்டும்தான் தெரிகிறது.

புதுப்பித்தலில் நடந்தது

94 லைசென்ஸில் 19 பேர் 90 நாளாக உள்ளே வரவே இல்லை. சிலர் வேலையை விட்டே போயிருந்தார்கள். இன்னும் 20 பேர் அனுமதி கொடுப்பதற்கும் ரிப்போர்ட் பார்ப்பதற்கும் மட்டும் வருகிறவர்கள், அவர்களுக்கு விலை குறைந்த வகை போதும். இந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் விற்பவரிடம் கொண்டுபோனோம். ஒப்பந்தத்தில் விலக விரும்பினால் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அந்தத் தேதி தாண்டிவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சே கிடையாது. 5 சதவீத உயர்வு 3 ஆனது.

கேட்டு வாங்கிய மாற்றங்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட முடிவானது. யாரும் பயன்படுத்தாத இன்வாய்ஸ் வடிவங்கள், போய்விட்ட ஒரு மேலாளர் கேட்ட ஒப்புதல் அடுக்கு, இப்படி. லைசென்ஸில் இதனால் ஒன்றும் குறையாது, ஆனால் பத்துப் பேரின் ஒரு வாரம் மூன்று நாள் ஆகிறது.

இப்போது இரண்டாவது தொழிற்சாலைக்கு இதையே கொண்டுபோகும் திட்டம் வந்திருக்கிறது. அதன் ஒப்புதல் தாளில் சொந்த ஆட்களின் நேரம் தனி வரியாக இருக்கிறது, ஒவ்வொரு கீ யூசர் பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய வேலையை அந்த மாதங்களில் யார் பார்ப்பது என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னபோது அங்கே கணக்குத் துறைத் தலைவர் இரண்டு பெயருக்கு எதிரே எழுத ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார், அதனால் லைவ் தேதி வருடக் கணக்கு முடிந்த பிறகு என்று தள்ளிப்போயிருக்கிறது. கன்சல்டன்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. தேதி தள்ளினால் அவர்களுடைய ஆட்கள் சும்மா இருக்கும் நாட்களுக்கு யார் கொடுப்பது என்று கேட்டு நேற்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது.